பெராக்சைடைப் பிரிக்க நான்கு வழிகள்: ஆற்றல் வரைபடத்தைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஹைட்ரஜன் பெராக்சைடு தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியக்கூடியது. பிரியும்போது வெப்பத்தையும் வெளிவிடும். ஆனாலும் மருந்துக்கடையில் வாங்கி வந்த புட்டி பல மாதங்கள் அப்படியேதான் இருக்கிறது. கீழே இறங்கப் பாதை இருந்தும் ஏன் இறங்கவில்லை? பிளஸ் டூ மாணவர்களுக்குக் கிளர்வு ஆற்றலைச் சொல்லித்தர இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

இதே பிரிகையை ஆய்வகத்தில் வேகப்படுத்த நான்கு வழிகள் கைவசம் இருக்கின்றன. கரைசலைச் சூடாக்கலாம். பொட்டாசியம் அயோடைடு சேர்க்கலாம். மாங்கனீசு டை ஆக்சைடுத் தூளைப் போடலாம். ஈஸ்ட் கலக்கலாம், அதில் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. கிளர்வு ஆற்றலையும் வினையூக்கியின் வேலையையும் காட்டுவதற்கு இவற்றில் எதை எடுப்பது? அதிகம் நுரைப்பதையா, வேகமாக முடிவதையா? வரைபடத்தை ஒழுங்காகப் படித்தால் இந்தத் தேர்வு வேறு விதமாக அமைகிறது.

முதலில் வினையூக்கி இல்லாத வரைபடம்

வினை இதுதான்: 2H₂O₂ → 2H₂O + O₂. நீர்க்கரைசலில் இந்தச் சமன்பாட்டுக்கு வெளிவரும் வெப்பம் சுமார் 189 கிலோ ஜூல். பல நூல்களில் 196 என்று இருக்கும். அது தூய திரவப் பெராக்சைடுக்கான கணக்கு, தவறு இல்லை. வினையூக்கி இல்லாதபோது கிளர்வு ஆற்றல் மோலுக்குச் சுமார் 76 கிலோ ஜூல் என்று பாடநூல்கள் தருகின்றன.

நிலை அச்சில் ஆற்றல், கிடை அச்சில் வினையின் முன்னேற்றம். கிடை அச்சை நேரம் என்று எடுத்துக்கொள்வதுதான் மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. மேடு அகலமாக இருந்தால் வினை மெதுவாக நடக்கும் என்று அவர்கள் எழுதுகிறார்கள். பிணைப்புகள் எவ்வளவு தூரம் மாறியிருக்கின்றன என்பதைத்தான் அந்த அச்சு காட்டுகிறது. மேட்டின் அகலத்திலிருந்து வேகத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாவது பிழை, உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் வருகிறது. ஒரு தேர்வு வரைபடத்தில் வினைபடுபொருள் 200, உச்சி 276, விளைபொருள் 11 என்று எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிளர்வு ஆற்றல் 276 இல்லை. வினைபடுபொருளின் கோட்டிலிருந்து உச்சி வரை அளக்க வேண்டும்: 276 − 200 = 76. வினை வெப்பத்துக்கு உச்சியே தேவையில்லை: 11 − 200 = −189. பின்னோக்கு வினையின் கிளர்வு ஆற்றல் வேண்டுமென்றால் வலது பக்கக் கோட்டிலிருந்து ஏற வேண்டும்: 276 − 11 = 265. அச்சின் தொடக்கம் எந்த எண்ணாக இருந்தாலும் இந்த மூன்று வேறுபாடுகளும் மாறாது. அதனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோட்டுக்கு என்று அம்புக்குறி போடச் சொல்வது நல்லது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெராக்சைடில் இருக்கும் ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பை நேரடியாக உடைக்கச் சுமார் 210 கிலோ ஜூல் வேண்டும். அளந்து கிடைக்கும் 76 அதைவிட மிகவும் குறைவு. அப்படியானால் 'வினையூக்கி இல்லை' என்று நாம் சொல்லும் கரைசலிலும் மூலக்கூறுகள் வேறொரு சுலபமான வழியில்தான் போகின்றன. கண்ணாடிச் சுவர், தூசி, மிகச் சிறிதளவு இரும்பு அல்லது செம்பு அயனி என எதுவும் உதவக்கூடும். புட்டியில் நிலைப்படுத்தி சேர்த்து விற்பதும் இதனால்தான். ஆகவே 76 என்பதை ஒப்பிடுவதற்கான தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். வகுப்பில் அதை அளந்து காட்ட முயல வேண்டாம். புட்டிக்குப் புட்டி மாறும்.

வழி ஒன்று: சூடாக்குவது

சூடாக்கினால் வரைபடத்தில் என்ன மாறும்? நடைமுறையில் எதுவும் மாறாது. உச்சி அதே 76-ல் இருக்கும், விளைபொருளின் கோடும் அங்கேயே இருக்கும். அந்த உச்சியைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் கொண்ட மூலக்கூறுகளின் பங்கு மட்டும் கூடுகிறது. இதை வரைபடத்தில் காட்ட முடியாது, ஆற்றல் பரவல் வளைவு என்ற வேறொரு படம் வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் திணிக்கும்போதுதான் 'வெப்பநிலை கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது' என்ற தவறான வரி விடைத்தாளில் வந்து நிற்கிறது.

வேகம் எவ்வளவு கூடும் என்பதை அர்ஹீனியஸ் சமன்பாடு சொல்லும். 76 கிலோ ஜூல் தடைக்கு 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் வேகம் சுமார் 2.7 மடங்கு ஆகும். 100 டிகிரிக்கே கொண்டுபோனால் கிட்டத்தட்ட 480 மடங்கு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அடுத்து வரும் அயோடைடு, அறை வெப்பநிலையிலேயே இதைத் தாண்டிவிடுகிறது.

வழி இரண்டு: பொட்டாசியம் அயோடைடு

அயோடைடு சேர்த்தால் கிளர்வு ஆற்றல் சுமார் 57 கிலோ ஜூல் ஆகிறது. குறைந்தது 19 கிலோ ஜூல்தான், கால் பங்கு. வேகமும் கால் பங்குதான் கூடும் என்று மனம் நினைக்கும். ஆனால் இந்த வேறுபாடு அடுக்கில் உட்காருகிறது. 25 டிகிரியில் RT-யின் மதிப்பு 2.48 கிலோ ஜூல். 19-ஐ அதால் வகுத்தால் 7.66. e-யின் அடுக்காக 7.66-ஐப் போட்டால் சுமார் 2,100 வருகிறது. மற்றக் காரணிகள் சமம் என்று வைத்துக்கொண்டால் வேகம் இரண்டாயிரம் மடங்குக்கு மேல். இதே வேகத்தைச் சூட்டால் மட்டும் அடைய வேண்டுமென்றால் கரைசல் 124 டிகிரியில் இருக்க வேண்டும், அதற்குள் நீர் கொதித்துவிடும். சூடாக்கும் வழியை இங்கேயே ஒதுக்கிவிடலாம். ஆனால் சூடு வேறொரு வேலைக்குத் தேவைப்படும், அதைக் கீழே சொல்கிறேன்.

அயோடைடின் வரைபடத்தை ஒற்றை மேடாக வரைந்து, பழைய மேட்டுக்குக் கீழே புள்ளிக்கோட்டில் போடுவதுதான் வழக்கம். அது பாதி உண்மை. வினையூக்கி பழைய மேட்டை அழுத்தித் தாழ்த்துவதில்லை. புதிய வழி ஒன்றைத் திறக்கிறது. பழைய மேடு அங்கேயேதான் இருக்கிறது. அயோடைடின் வழியில் இரண்டு படிகள்:

H₂O₂ + I⁻ → H₂O + IO⁻

H₂O₂ + IO⁻ → H₂O + O₂ + I⁻

முதல் படி மெதுவானது, இரண்டாவது வேகமானது. ஆகவே சரியான வரைபடத்தில் இரண்டு மேடுகள் வர வேண்டும், நடுவில் ஒரு பள்ளம் இருக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் இருப்பது IO⁻, அதாவது இடைநிலைப் பொருள். உண்மையாகவே உருவாகிச் சிறிது நேரம் இருக்கும் அயனி அது. மேடுகளின் உச்சியில் இருப்பது கிளர்வுற்ற அணைவு. பாதி உடைந்து பாதி கட்டிய அந்த அமைப்பைப் பிரித்தெடுக்க முடியாது. பள்ளம் என்றால் பொருள், உச்சி என்றால் கணநேர அமைப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்தப் பலபடி வரைபடத்தையும் படித்துவிடலாம்.

கிளர்வு ஆற்றலைத் தொடக்கக் கோட்டிலிருந்து முதல் உச்சி வரை அளக்கிறோம், 57 கிடைக்கிறது. இரண்டு மேடுகளின் உயரங்களையும் கூட்டக் கூடாது. வேகத்தைத் தீர்மானிக்கும் படி எது என்பதற்கு 'உயரமான உச்சி' என்ற விதி இங்கே சரியாக வருகிறது, எல்லா இடத்திலும் வராது. பள்ளம் தொடக்கக் கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால் கணக்கு மாறும். ஒரு கற்பனை வரைபடத்தில் பள்ளம் −40-லும் இரண்டாம் உச்சி 30-லும் இருந்தால், உச்சி தாழ்வாகத் தெரிந்தாலும் பள்ளத்திலிருந்து ஏற வேண்டியது 70. அங்கே இரண்டாவது படிதான் தடை. அயோடைடில் முதல் படியே தடை என்பதோடு சோதனையும் ஒத்துப்போகிறது. வேகம் பெராக்சைடின் செறிவுக்கும் அயோடைடின் செறிவுக்கும் நேர்விகிதமாக இருக்கிறது. முதல் படி தடையாக இருந்தால் அப்படித்தான் வரும்.

விளைபொருளின் கோடு? பழைய −189-லேயே இருக்கிறது. பின்னோக்கிப் பார்த்தால் 189 + 57 = 246. முன்பு 265. அங்கேயும் அதே 19 குறைந்திருக்கிறது. இரு திசைக்கும் ஒரே அளவு குறைவதால் சமநிலை எங்கே இருக்கும் என்பதை வினையூக்கியால் மாற்ற முடியாது. இதை மனப்பாடமாக எழுதுவதைவிட, ஒரே வரைபடத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் கழித்துப் பார்க்கச் சொன்னால் மாணவர்களுக்குத் தானாகவே புரிந்துவிடும்.

மொத்த வெப்பமும் மாறாது. இதை ஆய்வகத்தில் மறந்துவிட்டால் சிக்கல்தான். 3 சதவீதக் கரைசலில் லிட்டருக்குச் சுமார் 0.88 மோல் பெராக்சைடு இருக்கிறது. முழுவதும் பிரிந்தால் சுமார் 83 கிலோ ஜூல். வெப்பம் வெளியே போகாவிட்டால் கரைசல் 20 டிகிரி ஏறும்! வினையூக்கி இல்லாதபோதும் இதே வெப்பம்தான், மாதக்கணக்கில் வருவதால் நமக்குத் தெரிவதில்லை. அயோடைடு அதையே நிமிடங்களில் தந்துவிடுகிறது. 25 டிகிரியில் அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு 35-ல் அளந்துகொண்டிருப்போம். இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. பெராக்சைடு தீரத் தீர வாயு வரும் வேகம் குறைய வேண்டும். நடுவில் வேகம் கூடினால் கரைசல் சூடாகிவிட்டது என்று பொருள்.

அயோடைடுக்கு இன்னொரு குறையும் உண்டு. கரைசல் பழுப்பாகலாம். கடையில் கிடைக்கும் பெராக்சைடு சற்றே அமிலத்தன்மையுடன் இருப்பதால், அயோடைடில் ஒரு பகுதி அயோடினாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ஒரு துளி ஸ்டார்ச் கரைசல் விட்டால் நீலமாகும். வினையூக்கி 'அப்படியே திரும்பக் கிடைக்கிறது' என்று சொல்லிக்கொண்டே பழுப்பு நிறக் கரைசலைக் காட்டினால் மாணவர் நம்ப மாட்டார். அது பக்கவினை என்று சொல்லிவிட வேண்டும்.

வழி மூன்று: மாங்கனீசு டை ஆக்சைடு

வினையூக்கி திரும்பக் கிடைப்பதைக் காட்ட இந்தக் கருப்புத் தூளை மிஞ்ச ஆளில்லை. நிறுத்துப் போட்டு, வினை முடிந்ததும் வடிகட்டி, கழுவி, உலர்த்தி மறுபடி நிறுத்தால் எடை கிட்டத்தட்ட அதேதான். வடிதாளில் ஒட்டும் தூள் மட்டும் குறையும்.

ஆனால் இதற்கு வரைபடம் வரைவது கடினம். வினை தூளின் மேற்பரப்பில் நடக்கிறது. பெராக்சைடு வந்து ஒட்ட வேண்டும், பிரிய வேண்டும், ஆக்சிஜன் விலகிப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேடு. தூள் எப்படித் தயாரானது, எவ்வளவு நுண்ணியது என்பதைப் பொறுத்து அளவிடும் மதிப்புகளும் மாறுகின்றன. அதனால் ஒரே எண்ணை இங்கே தர எனக்கு விருப்பமில்லை.

தூளின் அளவை இரட்டிப்பாக்கினால் வேகம் கூடும். உடனே 'மேடு இன்னும் தாழ்ந்தது' என்று சொல்லிவிடுவார்கள். மேடு தாழவில்லை, அதே மேட்டைக் கடக்கும் இடங்கள் பெருகியிருக்கின்றன. அயோடைடின் செறிவை இரட்டிப்பாக்கும்போதும் இதே கதைதான். இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது: பத்து டிகிரி ஏற்றிப் பாருங்கள். வினையூக்கியின் அளவு மாறியும் பத்து டிகிரிக்கான வேக மடங்கு மாறவில்லை என்றால் தடையின் உயரம் மாறவில்லை.

தூளில் இன்னொரு பொறியும் உண்டு. வாயுக்குமிழிகள் தூளை மூடிக்கொண்டு, பெராக்சைடு மேற்பரப்பை அடைவதே தாமதமானால், நாம் அளப்பது வினையின் தடையை இல்லை, கரைசலுக்குள் பொருள் நகர்வதன் வேகத்தை. அப்போது கணக்கில் கிடைக்கும் கிளர்வு ஆற்றல் அநியாயத்துக்குச் சிறியதாக வரும். கலக்கினால் வேகம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

வழி நான்கு: ஈஸ்ட்

கேட்டலேஸுக்குப் பாடநூல்களில் 23 கிலோ ஜூல் என்றும் அதைவிடக் குறைவாகவும் எண்கள் இருக்கின்றன. எதை எடுத்தாலும் நான்கில் இதுதான் மிகத் தாழ்ந்த மேடு. நுரையும் ஏராளம். பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும்.

ஆனால் அளவீட்டுக்கு வந்தால் இது கைகொடுக்காது. 23 கிலோ ஜூல் தடைக்கு 25-லிருந்து 35 டிகிரிக்குப் போனால் வேகம் 1.35 மடங்குதான் ஆகும். மேடு தாழ்ந்திருந்தால் வெப்பநிலைக்கு வினை குறைவாகவே அசைந்துகொடுக்கும். தடை 76 ஆனால் 2.7 மடங்கு, 57 ஆனால் 2.1 மடங்கு, 23 ஆனால் 1.35 மடங்கு. வேகமான வினைதான் சூட்டால் அதிகம் பாதிக்கப்படும் என்று பலர் எதிர்பார்ப்பார்கள். உண்மை நேர்மாறாக இருக்கிறது. 1.35 போன்ற சிறிய மடங்கைப் பள்ளி ஆய்வகத்தின் நிறுத்துக் கடிகாரத்தால் நம்பத்தகுந்தபடி பிடிப்பது கடினம். இன்னும் சூடாக்கிப் பெரிய வேறுபாடு வாங்கலாம் என்றால், 50 டிகிரியைத் தாண்டிப் போகப்போக நொதியின் வடிவமே குலைகிறது. வேகம் ஏறுவதற்குப் பதிலாக விழும். அந்த வீழ்ச்சியை அர்ஹீனியஸ் கணக்கில் போட்டால் கிளர்வு ஆற்றல் எதிர்மறையாக வரும். கணக்கு தப்பில்லை, வினையூக்கிதான் அங்கே இல்லாமல் போய்விட்டது. செறிவான பெராக்சைடும் நொதியைக் கெடுக்கும்.

அப்போ எது?

என் தேர்வு அயோடைடு. நுரையில் ஈஸ்டும் எளிமையில் கருப்புத் தூளும் முன்னால் நிற்கலாம். ஆனால் வரைபடத்தில் காட்டும் இரண்டு மேடுகளுக்கும், 57 என்ற உயரத்துக்கும், வேக விதிக்கும் ஒரே சோதனையில் சான்று தருவது அயோடைடுதான். இங்கேதான் சூடு திரும்பி வருகிறது. வினையை வேகப்படுத்தும் வழியாக அதை ஒதுக்கினோம், தடையை அளக்கும் கருவியாக அது இல்லாமல் முடியாது.

செய்முறை இப்படி. மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீதக் கரைசலை ஆறு மடங்காக நீர்த்து 1 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். அதில் 50 மில்லிலிட்டர் எடுத்தால் மொத்தம் சுமார் 180 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வரும். முதல் 30 மில்லிலிட்டருக்கான நேரத்தை மட்டும் குறித்தால் போதும். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வினை நடந்திருக்கும், அதன் வெப்பத்தால் கரைசல் ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏறும். நீர்த்தொட்டியில் வைத்திருந்தால் அதுவும் பெரும்பாலும் வெளியேறிவிடும். அயோடைடு கரைசலையும் அதே தொட்டியில் முன்கூட்டியே வைத்திருங்கள். பிறகு ஊற்றிக் கலந்து, வாயுவைப் பீச்சாங்குழலில் பிடியுங்கள். இதையே 35 டிகிரியில் மறுபடி செய்யுங்கள்.

எடுத்துக்காட்டாக, 25 டிகிரியில் 84 விநாடியும் 35 டிகிரியில் 40 விநாடியும் ஆனதாகக் கொள்வோம். வேக மடங்கு 84/40 = 2.1. அதன் இயல் மடக்கை 0.742. வெப்பநிலைகளைக் கெல்வினில் போட்டால் 1/298 − 1/308 = 0.000109. ஆகவே:

Ea = 8.314 × 0.742 / 0.000109 ≈ 56,600 ஜூல்

57 கிலோ ஜூலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் 40 விநாடியில் 2 விநாடி பிசகினாலே விடை 4 கிலோ ஜூல் நகரும். 53-ம் 61-ம் வந்த குழுக்களைத் தவறு என்று சொல்லக் கூடாது. 30 வந்தால் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் 25 டிகிரிக் கரைசல் நாம் நினைத்ததைவிடச் சூடாக இருந்திருக்கும், அல்லது 35 டிகிரிக் கரைசல் தொட்டியின் சூட்டை எட்டுவதற்கு முன்பே அளக்கத் தொடங்கியிருப்பார்கள். இரண்டாலும் உண்மையான வெப்பநிலை வேறுபாடு 10-க்குக் கீழே போகிறது, மடங்கும் சுருங்குகிறது.

நேரம் இருந்தால் கூடவே கருப்புத் தூளையும் வைத்துக்கொள்ளலாம், எடை திரும்பக் கிடைப்பதைக் காட்ட மட்டும். ஈஸ்டை மூன்றாவதாக வைப்பேன். அதே இரண்டு வெப்பநிலைகளில் ஓட்டிப் பார்த்து, மடங்கு அயோடைடைவிடச் சிறியதாக வருகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும், எண்ணாக எழுதத் தேவையில்லை. எந்த வழியானாலும் பாத்திரத்தை அடைத்து மூடாதீர்கள், பக்கத்தில் தீ இருக்கக் கூடாது, கண்ணாடி அணியாமல் நிற்கக் கூடாது. 30 சதவீதப் பெராக்சைடை வகுப்பறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். மேலே பார்த்த வெப்பக் கணக்கை அந்தச் செறிவுக்குப் போட்டால் கரைசல் கொதிநிலையைத் தாண்டிவிடும்.